ஊறுகாய் பாட்டிலுக்கான கதை: திருத்திய பிரதி

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கக் கதையைப் படித்தேன். பாட்டிலின் பின்பக்கத்தில் அதற்கு இடமில்லை. எழுத்தைச் சிறிதாக்கி அடைத்தாலும், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவையும் யாரும் படிக்க மாட்டார்கள். திருத்திய வடிவம் இது:

“மகள் விடுதிக்குப் போனபோது பெரிய பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். அறையில் இருந்த எல்லோரும் கழுவிய கரண்டியைத் துடைக்காமல் அப்படியே போட்டார்கள். மாதம் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுத்த முறை ஆளுக்கொரு சிறிய பாட்டிலாகப் பிரித்து அனுப்பினேன். காலி பாட்டில்கள் திரும்பி வந்தன. விலைக்குக் கிடைக்குமா என்று தோழிகளின் அம்மாக்களும் கேட்டார்கள். இன்றும் சிறிய பாட்டிலில்தான் போடுகிறேன். ஈரமில்லாத கரண்டி போடுங்கள்.”

இந்த விடுதிக் கதை உங்கள் பிரதியில் ஏழாவது பத்தியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. மீதி விவரங்களைப் போனில் சொன்னீர்கள். தொழில் தொடங்கியதே அதனால்தான் என்னும்போது அதற்கு முன்னால் ஆறு பத்தி எதற்கு?

முதல் பத்தி, “இன்றைய அவசர உலகில்” என்று தொடங்குவது, முழுவதும் போய்விட்டது. “அன்பும் அக்கறையும் தரமும் தூய்மையும்” என்ற வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த தெருவில் முறுக்கு விற்பவரின் பொட்டலத்தில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். வேறு ஒருவருடைய சரக்குக்குப் பொருந்துகிற எந்த வரியையும் விட்டுவைக்கவில்லை. “எங்கள் வாடிக்கையாளர்கள் எங்கள் குடும்பம்” போனதும் இதனால்தான்.

பாட்டி விஷயம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். “பாட்டியின் ரகசியச் செய்முறை” என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் கேட்டபோது, பாட்டி எலுமிச்சை ஊறுகாய் போட்டதே இல்லை, மாமியாரிடம் பழகியது, அதிலும் உப்பு அளவை நீங்களே மாற்றிக்கொண்டீர்கள் என்றீர்கள். பிறகு பாட்டியை ஏன் இழுக்க வேண்டும்? அக்கம்பக்கத்து உணவுப் பாட்டில்களில் எல்லாம் ஒரு பாட்டி இருக்கிறார் என்பதற்காக நாமும் ஒருவரை நியமிக்க வேண்டியதில்லை. மாமியாரைக் கொண்டுவரலாம் என்று யோசித்தேன். ஆனால் கதை பாட்டிலின் அளவைப் பற்றியது, செய்முறையைப் பற்றியது அல்ல. அவருக்கு இதில் வேலையில்லை.

பூஞ்சணம் என்ற சொல்லை உணவுப் பாட்டிலில் போடலாமா என்று தயங்குவீர்கள். நானும் யோசித்துத்தான் விட்டுவைத்தேன். அதை எடுத்துவிட்டால் சிறிய பாட்டிலுக்குக் காரணமே இல்லாமல் போகும். பழுது ஊறுகாயில் இல்லை, ஈரக் கரண்டியில்தான் என்பது அதற்கு முந்தைய வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கடைசி வரியும் அதனால்தான் ஒட்டுகிறது: வாங்குபவர் எப்படியும் செய்யவேண்டியதைத்தான் சொல்கிறோம். மனம் ஒப்பவில்லை என்றால் “கெட்டுப்போய்விட்டது” என்று மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு அது மொட்டையாகப் படுகிறது.

“ரசாயனம் அறவே இல்லை” என்ற வரி வேண்டாம். உப்பும் ஒரு ரசாயனம்தானே என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. உப்பு, எலுமிச்சையின் புளிப்பு, மேலே நிற்கும் எண்ணெய் ஆகிய மூன்றும்தான் கெடாமல் காக்கின்றன என்று பொருள்பட்டியலுக்குக் கீழே எழுதுங்கள். கேட்பவருக்கும் அது போதும்.

விதை நீக்கி, உப்பில் போட்டு, தோல் மெத்தென்று ஆகும்வரை தினமும் கிளறிவிடுவதைப் பற்றி எழுதிய பத்தி நன்றாக வந்திருக்கிறது. விதை சேர்ந்தால் கசக்கும் என்ற இடத்தில் உங்கள் குரலே கேட்கிறது. பாட்டிலில் அதற்கு இடமில்லை. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பெட்டிக்குள் வைக்கும் துண்டுச் சீட்டுக்கு ஆகும்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும்: “விடுதியில் இருந்த மகளுக்காகச் சிறிய பாட்டிலில் போடத் தொடங்கிய எலுமிச்சை ஊறுகாய்.”

அச்சுக்குக் கொடுக்குமுன் இரண்டு சந்தேகங்கள். விலைக்குக் கேட்டது அம்மாக்களா, அந்தப் பெண்களேவா? போனில் இரண்டு விதமாகவும் சொன்னீர்கள். பெண்கள் என்றால் அந்த வரியை மாற்ற வேண்டும். காலி பாட்டில்கள் உண்மையாகவே திரும்பி வந்தனவா, அல்லது மகள் சொன்னாளா? வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

கரண்டி விஷயத்தில் மகளும் தோழிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். அவளிடம் ஒரு முறை படித்துக்காட்டி, சரி என்று சொன்ன பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.