மாணவர் விடுதிச் சீரமைப்பு: திட்டச் சாசனம்

இடம்: கல்லூரி மாணவர் விடுதி, அல்சூர், பெங்களூரு
வெளியிடுபவர்: அறக்கட்டளைச் செயலாளர், திட்ட ஸ்பான்சர் என்ற முறையில்
திட்ட மேலாளர்: கல்லூரியின் எஸ்டேட் அதிகாரி
நடைமுறைக்கு வரும் நாள்: 19 ஜனவரி 2026

ஏன் இந்த வேலை, ஏன் இப்போது

நம் விடுதி 1987-இல் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடிகளும், கிழக்கு மேற்கு என இரண்டு பகுதிகளும், 84 அறைகளும் கொண்டது. அறைக்கு மூவர் வீதம் 252 மாணவர்கள் தங்கிப் படிக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். விடுதி இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் பிள்ளையை இந்த ஊருக்கு அனுப்பினோம் என்று சேர்க்கை நாளில் பெற்றோர் சொல்வதை அறங்காவலர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

மேற்குப் பகுதி இரண்டாம் மாடிக் குளியலறையைப் பார்த்தாலே கட்டடத்தின் நிலை விளங்கும். மேல் மாடிக் கழிப்பறையின் கசிவு ஸ்லாப் வழியே இறங்கி, உட்கூரையில் பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. ஜி.ஐ. குழாய்கள் உள்ளே அடைத்துக்கொண்டதால் காலை ஏழு மணிக்கு மேல் குழாயில் நூலளவுதான் தண்ணீர் வருகிறது. வெந்நீர் வசதி கிடையாது. அதனால் டிசம்பர் குளிரில் மாணவர்கள் அறைக்குள்ளேயே வாளியில் ஹீட்டர் ராடு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த பழைய வயரிங், இன்று மூன்று லேப்டாப்புகளையும் இரண்டு ராடுகளையும் தாங்குகிறது. ராடுக்குத் தடை என்று வார்டன் எத்தனை முறை சுற்றறிக்கை ஒட்டினாலும், வெந்நீர் கொடுக்காத வரை அந்தத் தடை செல்லாது. உயிருக்கு ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான். முகப்புக்குப் பெயின்ட் அடிப்பதை இந்தத் திட்டத்தின் கடைசி வேலையாக வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

நோக்கங்கள்

முதல் நோக்கம் மின்பாதுகாப்பு. 84 அறைகளிலும் வயரிங் முழுவதையும் மாற்றி, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யை அறைதோறும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை ஒவ்வொரு தளப் பலகையிலும் பொருத்த வேண்டும். வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு அறையிலும் இன்சுலேஷன், எர்த்திங் சோதனை செய்து, அந்தத் தாளை எஸ்டேட் அலுவலகக் கோப்பில் சேர்க்க வேண்டும். சோதனைத் தாள் இல்லாத அறையில் மாணவரைக் குடியேற்றக் கூடாது.

இரண்டாவது, தண்ணீரும் கழிப்பறையும். எட்டுக் கழிப்பறைத் தொகுதிகளிலும் இப்போது மும்மூன்றுதான் பயன்பாட்டில் உள்ளன. அவற்றை இடித்துக் கட்டி, தொகுதிக்கு நான்கு வீதம் 32 கழிப்பறைகள் ஆக்கினால், எட்டுப் பேருக்கு ஒன்று என்ற கணக்கு நிறைவேறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால் விடுதிக்குத் தினமும் சுமார் 34,000 லிட்டர் தேவை. ஆகவே சம்ப்பும் மேல்நிலைத் தொட்டிகளும் சேர்ந்து இரண்டு நாள் தேவையைத் தாங்க வேண்டும். மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்து, காலை ஐந்தரை முதல் எட்டு வரை எல்லாத் தொகுதிகளுக்கும் வெந்நீர் தர வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழி பெயரளவில் இருக்கிறது; அதைத் தூர்வாரி மாடித் தண்ணீரை உண்மையாகவே அதில் இறக்க வேண்டும்.

மூன்றாவது, தீப்பாதுகாப்பு. இரண்டு மாடிப்படிகளில் கிழக்குப் படி பழைய கட்டில்களுக்குக் கிடங்காகிவிட்டது. இதைக் காலி செய்யப் பணம் தேவையில்லை. வார்டன் ஜனவரி 31-க்குள் செய்து முடிக்க வேண்டும். அலாரம், புகை உணர்வான், ஹோஸ் ரீல், அவசர விளக்குகள் திட்டத்தில் அடங்கும்.

நான்காவது, மொட்டைமாடி நீர்க்கசிவை நிறுத்தி, அரித்துப்போன கான்கிரீட்டைச் சீர்செய்வது. இதோடு தரைத்தளத்தில் 1:12 சாய்வில் ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கதவுகளும் கழிப்பறையும் கொண்ட இரண்டு அறைகளும் அமைக்க வேண்டும். மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பத்தாண்டுகள் ஆகியும் நம் வாசலில் நான்கு படிகள் மட்டுமே இருப்பது நமக்குப் பெருமையல்ல.

எது இதில் இல்லை

நான்காம் மாடி எழுப்புவது, லிஃப்ட், ஏ.சி. அறைகள், மெஸ் சமையலறை விரிவாக்கம் ஆகியவை இத்திட்டத்தில் இல்லை. நான்காம் மாடி வேண்டும் என்று அறங்காவலர் கூட்டத்தில் பேசப்பட்டது எனக்குத் தெரியும். இருக்கும் மூன்று மாடிகளின் தூண்கள் எவ்வளவு தாங்கும் என்ற பரிசோதனை அறிக்கை கைக்கு வராமல் அந்தப் பேச்சை எடுப்பதற்கில்லை.

பணமும் காலமும்

ஜி.எஸ்.டி. உட்பட மொத்த ஒதுக்கீடு 3 கோடியே 40 லட்சம் ரூபாய். கழிப்பறைகளுக்கும் குழாய்களுக்கும் 112 லட்சம், மின்வேலைக்கு 62, மாடிக்கும் கான்கிரீட் பழுதுக்கும் சாய்தளத்துக்கும் 42, தீப்பாதுகாப்புக்கு 34, தொட்டிகளுக்கும் சோலாருக்கும் மழைநீருக்கும் 32, மாணவர்களின் தற்காலிகத் தங்கலுக்கு 24. மீதி 34 லட்சம் எதிர்பாராச் செலவு நிதி.

கட்டடப் பரிசோதனை பிப்ரவரி 15-க்குள் முடியும். மார்ச் 10-க்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகும். மொட்டைமாடி வேலை ஏப்ரல் 30-க்குள் முடிந்தாக வேண்டும். மே மாத இடிமழை யாருக்காகவும் காத்திருக்காது. மேற்குப் பகுதி மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை, விடுமுறையில். ஊருக்குப் போகாத மாணவர்கள் அப்போது கிழக்குப் பகுதியில் இருப்பார்கள். கிழக்குப் பகுதி ஆகஸ்ட், செப்டம்பர். அந்த இரண்டு மாதமும் 126 மாணவர்கள் அருகிலுள்ள பி.ஜி.களில் தங்குவார்கள். ஒப்படைப்பு அக்டோபர் 31.

ஸ்பான்சரின் அதிகாரம்

இந்தப் பகுதியை அறங்காவலர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மைப் போன்ற அறக்கட்டளைகளில் வேலை கெடுவது பெரும்பாலும் பணமில்லாமல் அல்ல. காலையில் ஒருவர் வந்து மேஸ்திரியிடம் டைல்ஸை மாற்றச் சொல்வார், மாலையில் இன்னொருவர் வேறு நிறம் சொல்வார். மாதக் கடைசியில் இரண்டுக்கும் பில் வரும்.

2026 ஜனவரி 17 அன்று கூடிய அறங்காவலர் குழுவின் தீர்மானப்படி, இத்திட்டத்தின் ஸ்பான்சர் நான் ஒருவனே. ஒதுக்கிய பணத்தை விடுவிப்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, பணி எல்லையை மாற்றுவது, ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 லட்சம் வரை மாற்றுவது, பாதுகாப்புக் காரணத்தால் வேலையை நிறுத்துவது, தேவைப்பட்டால் திட்ட மேலாளரை மாற்றுவது ஆகியவை என் அதிகாரத்தில் அடங்கும். தற்காலிகத் தங்கலுக்கான தலைப்பிலிருந்து மட்டும் ஒரு ரூபாயும் வேறெதற்கும் மாற்ற எனக்கு உரிமையில்லை. மொத்தம் 3 கோடியே 40 லட்சத்தைத் தாண்டினாலோ, ஒப்படைப்பு 30 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலோ நான் குழுவிடம் திரும்பி வர வேண்டும்.

அறங்காவலர், முதல்வர், நன்கொடையாளர் யாராக இருந்தாலும் ஒப்பந்ததாரரிடமோ வேலையாட்களிடமோ நேரில் எதுவும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியதை எனக்கு எழுத்தில் தரலாம். ஐந்து வேலை நாளுக்குள் பதில் தருவேன். அந்த ஐந்து நாளில் நான் முடிவெடுக்காமல் வேலை தேங்கினால், அந்தத் தாமதம் என் பெயரில்தான் பதிவாகும், திட்ட மேலாளர் பெயரில் அல்ல.

திட்ட மேலாளர் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து ஒரு வேலைக்கு 2 லட்சம், ஒரு மாதத்தில் 5 லட்சம் வரை என்னைக் கேட்காமலே செலவழிக்கலாம். மட்டமான வேலையை இடித்துத் திரும்பக் கட்டச் சொல்லலாம், பில்லை நிறுத்தி வைக்கலாம். சிவில் துறைப் பேராசிரியர் ஒருவரை வாரத்துக்கு ஒன்றரை நாள் தரப் பரிசோதனைக்காக அழைத்துக்கொள்ளலாம். முதல்வர் இதற்கு இசைந்திருக்கிறார். வார்டனும் மாணவர் பிரதிநிதிகள் இருவரும் திங்கள்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் உட்காருவார்கள். கட்டடத்தில் வாழ்பவர்கள் அவர்கள்தான்.

பெரிய இடர்கள்

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கிழக்குப் பகுதியின் காலக்கெடு. பி.ஜி. செலவு ஒரு மாணவருக்கு மாதம் 9,000 ரூபாய் என்றால், 126 பேருக்கு மாதம் 11 லட்சத்து 34 ஆயிரம். கையில் இருப்பது இரண்டு மாதத்துக்கான பணம். மூன்று மாதம் தாமதமானால் எதிர்பாராச் செலவு நிதி முழுவதும் வாடகையிலேயே கரைந்துவிடும். ஆகவே மேற்குப் பகுதியில் நாலு கழிப்பறைத் தொகுதிகளும் ஜூலை 20-க்குள் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கசிவு பார்க்கும் சோதனையில் தேறாவிட்டால், கிழக்குப் பகுதி மாணவர்களை வெளியேற்றவே மாட்டோம். அந்த வேலையை அடுத்த கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கும் முன்மொழிவோடு நான் குழுவிடம் வருவேன்.

அடுத்தது ஸ்லாப்புக்குள் நமக்குத் தெரியாமல் இருக்கும் பழுது. பூச்சைத் தட்டிப் பார்த்தால்தான் கம்பியின் நிலை தெரியும். பிப்ரவரி பரிசோதனையில் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு இடங்களைத் திறந்து பார்க்க வேண்டும். டெண்டர் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர்: 2024 கோடையில் இந்த நகரம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச், ஏப்ரலில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டால் கட்டட வேலையும் மாணவர் தேவையும் ஒரே டேங்கருக்குப் போட்டியிடும். மாணவர் தண்ணீரைக் கட்டுமானத்துக்குத் தொடக் கூடாது. ஒப்பந்ததாரர் தன் தண்ணீரைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது டெண்டர் நிபந்தனை.

ஆட்கள்: தமிழ்நாட்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் இந்த ஏப்ரல், மே வாக்கில் சட்டமன்றத் தேர்தல் வரும். கொத்தனார், டைல்ஸ்காரர், பிளம்பர் பலரும் ஊருக்குப் போவார்கள். மாடி வேலைக்குரிய ஆட்களின் பட்டியலை ஒப்பந்ததாரர் மார்ச்சிலேயே தர வேண்டும்.

சைக்கிள் நிறுத்தத்தின் மேல் உள்ள பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். மாணவர் நடமாட்டம் இருக்கும்போது அந்த வேலை நடக்கக் கூடாது. இடிபாடு முழுவதும் அனுமதி பெற்ற இடத்துக்கே போக வேண்டும். ஒரு லோடுகூட ஏரிக்கரையில் கொட்டினதாகத் தெரிந்தால் ஒப்பந்ததாரரின் அடுத்த பில் நிற்கும்.

தேர்வு நாட்களில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை டிரில்லிங், இடிப்பு இரண்டும் கிடையாது. இதனால் இழக்கும் நேரம் காலக்கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

வழக்காய்வுப் பயன்பாடு

மேலாண்மைத் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் இத்திட்டத்தை வழக்காய்வாகப் படிப்பார்கள். இந்தச் சாசனம், மாத அறிக்கைகள், இடர்ப் பதிவேடு மூன்றும் அவர்களுக்குத் திறந்திருக்கும். டெண்டர் விலைகளும் மாணவர் விவரங்களும் கொடுக்கப்படமாட்டா. தாமதம், தவறு எதையும் அறிக்கையிலிருந்து நீக்கிக் கொடுக்க வேண்டாம் என்று திட்ட மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒப்புதல்

அறக்கட்டளைச் செயலாளர் (ஸ்பான்சர்), தலைவர், பொருளாளர், கல்லூரி முதல்வர், எஸ்டேட் அதிகாரி ஆகிய ஐவரும் 19 ஜனவரி 2026 அன்று கையெழுத்திட்டனர். நகல்கள் வார்டனுக்கும் மாணவர் பிரதிநிதிகளுக்கும் தரப்பட்டன. ஒரு நகல் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.