கடப்பா: 4 பேர் அளவு, 50 பேருக்கு

சித்தி, நீங்க அனுப்புன வீடியோ ஸ்கிரீன்ஷாட்டைப் பெருசாக்கிப் பாத்து எல்லாத்தையும் எழுதிட்டேன். மேல `Serves 4`, `1 cup = 250 ml`னு போட்டிருக்கு. அதனால நம்ம வீட்டு டம்ளரால அளந்துடாதீங்க. கப் கணக்கை எல்லாம் கிராம், லிட்டர், காய்னு மாத்திட்டேன், சித்தப்பா கடையில கேக்க வசதியா இருக்கும்.

50 பேர்னா நேர்க்கணக்குக்குப் பன்னண்டரை மடங்கு வரும். ஆனா அதுல பத்துப் பேர் சின்னப் பிள்ளைங்கன்னு சொன்னீங்க, இட்லிக்குச் சட்னியும் இருக்கு. வளைகாப்புப் பந்தியில யாரும் கடப்பாவை மட்டுமே ஊத்திக்க மாட்டாங்க. 10 மடங்கு தாராளமாப் போதும்.

முதல்ல இருக்கறது படத்துல உள்ள அளவு, அடுத்தது நமக்கு:

பாசிப்பருப்பு: அரை கப் (100 கிராம்) → 1 கிலோ
உருளைக்கிழங்கு: நடுத்தரம் 2 → 2 கிலோ
பெரிய வெங்காயம்: 1 → 1 கிலோ
தக்காளி: 1 → முக்கால் கிலோ
பச்சை மிளகாய்: 4 → 30
தேங்காய்த் துருவல்: அரை கப் → 5 கப் (காய் சின்னதா இருந்தா 3, பெருசுன்னா 2)
பொட்டுக்கடலை: 1 டேபிள்ஸ்பூன் → 100 கிராம்
கசகசா: 1 டீஸ்பூன் → 30 கிராம் (கீழ ஒரு சந்தேகம் எழுதியிருக்கேன்)
சோம்பு: 1 டீஸ்பூன் → 20 கிராம்
பூண்டு: 4 பல் → 4 முழுப் பூண்டு
இஞ்சி: ஒரு விரல்கணு → 100 கிராம்
பட்டை: 1 துண்டு → 5 துண்டு
கிராம்பு: 2 → 10
பிரிஞ்சி இலை: 1 → 4
மஞ்சள்தூள்: கால் டீஸ்பூன் → 2 டீஸ்பூன்
எண்ணெய்: 2 டேபிள்ஸ்பூன் → 200 மில்லி
தண்ணி: 3 கப் → 6 லிட்டர்
எலுமிச்சம்பழம்: பாதி → 4
கொத்தமல்லி: கொஞ்சம் → 2 கட்டு
உப்பு: `to taste`னு மட்டும்தான் இருக்கு. முதல்ல 70 கிராம் போடுங்க, மிச்சம் ருசி பாத்து.

மிளகாய், பட்டை, கிராம்பு, எண்ணெய், தண்ணி எல்லாம் 10 மடங்கு இல்லையேன்னு கேப்பீங்க. வேணும்னுதான் குறைச்சேன். பட்டை கிராம்பைப் பத்து மடங்கு போட்டா கடப்பா வாசம் போயி பிரியாணி வாசம் வந்துடும். பெரிய பாத்திரத்துல எண்ணெயும் அவ்வளவு இழுக்காது. தண்ணி கணக்குப்படி ஏழரை லிட்டர், ஆனா அண்டாவுல சின்னச் சட்டி அளவுக்கு வத்தாது. மீதி ஒன்றரை லிட்டரைக் கொதிக்கவச்சுப் பக்கத்துல வச்சுக்கோங்க. பாசிப்பருப்பு ஆற ஆற இறுகும், கடைசிப் பந்திக்குள்ள எப்படியும் ஊத்த வேண்டி வரும். மிளகாய் 30 அரைச்சுட்டு ருசி பாருங்க, கர்ப்பிணிப் பொண்ணு சாப்பிடப்போற சமையல், காரம் கம்மியா இருந்தா தப்பில்ல.

ஒரு கிலோ பருப்பை நம்ம 5 லிட்டர் குக்கர்ல ஒரே தடவையா வைக்காதீங்க, பொங்கி வெயிட்டை அடைச்சுக்கும். ரெண்டு ஈடா வைங்க, பாதி குக்கருக்கு மேல போகவேண்டாம். இல்லன்னா அண்டாவுலயே குழைய வேகவைங்க, பாசிப்பருப்புதானே, சீக்கிரம் வெந்துடும். அதுல ஊத்துற தண்ணியும் அந்த 6 லிட்டர்லயே சேர்த்தி. கிழங்கைத் தனியா அவிச்சு, பாதியை மசிச்சு, பாதியைத் துண்டாப் போட்டா குழம்பு கெட்டியா நிக்கும். தேங்காயை முதநாள் ராத்திரியே அரைச்சு வைக்காதீங்க, இந்த வெயில்ல புளிச்சுடும். காலைல மிக்ஸியில மூணு நாலு தடவையா ஓட்டிக்கலாம். அரைச்சதை ஊத்துனப்புறம் ரொம்ப நேரம் கொதிக்க விடாதீங்க. எலுமிச்சம்பழம் அடுப்பை அணைச்சப்புறம்தான்.

இப்ப அந்தச் சந்தேகம். தேங்காய், பொட்டுக்கடலைக்கு அடுத்த வரியில மணி பொம்மை வந்து மேல உக்காந்திருக்கு, `seeds - 1 tsp`ங்கறது மட்டும்தான் தெரியுது. அதுக்குக் கீழயே `fennel - 1 tsp`னு சோம்பு தனியா இருக்கு. அரைக்கிற சாமானுக்கு நடுவுல வர்றதால கசகசாதான்னு எடுத்துக்கிட்டேன். படத்தோட அடிப்பக்கமும் கொத்தமல்லியோட வெட்டுப்பட்டிருக்கு, அதுக்கப்புறம் ஏதாவது இருந்ததான்னு எனக்குத் தெரியல. அந்த வீடியோவை இன்னொரு தடவை திறந்து, மணி மறைஞ்சப்புறம் அடிவரைக்கும் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. சித்தப்பா நாளைக்குக் கும்பகோணம் போறப்ப மத்ததெல்லாம் வாங்கிடட்டும். கசகசா விலை தெரியும்ல, அதை மட்டும் நான் பாத்துச் சொன்னப்புறம் வாங்கச் சொல்லுங்க.