செப்டம்பர் 2025 சம்பளத்தில் ரூ.5,044 குறைவு: ஓ.டி. விகிதம், விடுபட்ட 3 மணி நேரம், ஒரு நாள் எல்.ஓ.பி. (பணியாளர் எண் 4172)

பெறுநர்: கணக்குப் பிரிவு, சம்பளப் பட்டியல்
நகல்: டைம் ஆபீஸ், மெயின்டனன்ஸ் ஷிஃப்ட் இன்சார்ஜ்
தேதி: 7 அக்டோபர் 2025

வணக்கம்.

செப்டம்பர் மாதச் சம்பளம் ரூ.29,476 நேற்று (6 அக்டோபர்) என் வங்கிக் கணக்கில் ஏறியது. சம்பளச் சீட்டிலும் அதே தொகைதான் இருக்கிறது. ஆகவே வங்கியில் எதுவும் தவறவில்லை, கணக்கிட்டதில்தான் தவறு. என் கணக்குப்படி கைக்கு வர வேண்டியது ரூ.34,520. குறைவு ரூ.5,044.

தவறு இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது. ஒன்று, ஓ.டி. விகிதம் இரட்டைக்குப் பதில் ஒற்றையாகப் போட்டிருக்கிறது. மற்றொன்று, செப்டம்பர் 12 அன்று நள்ளிரவைத் தாண்டிப் போட்ட வெளி பஞ்ச் அடுத்த நாள் கணக்கில் விழுந்திருக்கிறது. எல்.ஓ.பி., விடுபட்ட 3 மணி ஓ.டி., முழு வருகை ஊக்கத்தொகை மூன்றும் போனது இந்த ஒரே பஞ்சினால்தான்.

சீட்டில் உள்ளதும் இருக்க வேண்டியதும்:

| விவரம் | சீட்டில் (ரூ.) | இருக்க வேண்டியது (ரூ.) |
|---|---|---|
| சம்பள நாள் | 29 | 30 |
| அடிப்படைச் சம்பளம் | 17,400 | 18,000 |
| பஞ்சப்படி | 5,800 | 6,000 |
| வீட்டு வாடகைப்படி | 5,220 | 5,400 |
| பயணப்படி | 1,740 | 1,800 |
| முழு வருகை ஊக்கத்தொகை | 0 | 500 |
| ஓ.டி. | 2,700 | 6,300 |
| மொத்தம் | 32,860 | 38,000 |
| பி.எஃப். பிடித்தம் (12%) | 2,784 | 2,880 |
| கேன்டீன் பிடித்தம் | 600 | 600 |
| கைக்கு வருவது | 29,476 | 34,520 |

பி.எஃப். பிடித்தம் ரூ.96 கூடும் என்பதையும் சேர்த்துத்தான் 5,044 என்று சொல்கிறேன். மொத்தத்தில் உள்ள வித்தியாசம் 5,140.

ஓ.டி. விகிதம்

என் நியமன ஆணைப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, அதை மீண்டும் 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓ.டி.க்கு அதன் இரு மடங்கு. 31,200 ÷ 26 = 1,200. 1,200 ÷ 8 = 150. இரு மடங்கு 300. செப்டம்பர் சீட்டில் "18.00 மணி × 150.00 = 2,700" என்று இருக்கிறது. ஆகஸ்ட் சீட்டில் "12.00 மணி × 300.00 = 3,600" என்று சரியாகவே இருந்தது. இடையில் சம்பளம் மாறவில்லை, ஆணையும் மாறவில்லை.

மாறியது ஒன்றுதான். செப்டம்பர் 1 முதல் நான் மெஷின் ஷாப்பிலிருந்து மெயின்டனன்ஸுக்கு மாற்றலானேன். அன்றே என் பிரிவுக் கோடும் மாறியிருக்கும். புதிய கோடில் ஓ.டி. பெருக்கு எண் 2 என்று ஏற்றப்படாமல் 1 என்றே நின்றிருந்தால் சரியாக இந்த 150தான் வரும். இது என் ஊகம். மாஸ்டரைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே தேதியில் இன்னும் மூன்று பேர் மெயின்டனன்ஸுக்கு வந்தார்கள். அவர்களுடைய சீட்டை நான் பார்த்ததில்லை, அவர்கள் சார்பில் கேட்கவும் இல்லை. ஆனால் தவறு கோடில் இருந்தால் அது ஒருவரோடு நிற்காது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

செப்டம்பர் 12

அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட், மதியம் 2 முதல் இரவு 10 வரை. 12ஆம் தேதி கம்ப்ரஸர் பழுதுக்காக இரவு 10 முதல் 1 மணி வரை 3 மணி நேரம் ஓ.டி. செய்தேன். ஓ.டி. ஸ்லிப்பில் ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்து இருக்கிறது. வருகைப் பதிவில் உள்ளது இது:

12 செப்டம்பர்: உள்ளே 13:51, வெளியே பதிவு இல்லை, நிலை `MIS`
13 செப்டம்பர்: உள்ளே 01:04, வெளியே 22:06

13ஆம் தேதி நான் உள்ளே வந்த நேரம் 13:52. மெஷினின் மூலப் பதிவில் 01:04, 13:52, 22:06 என்று மூன்று பஞ்சுகளும் இருக்கின்றன. நாளின் முதல் பஞ்சை "உள்ளே" என்றும் கடைசிப் பஞ்சை "வெளியே" என்றும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அதனால் 12ஆம் தேதி வெளியேறிய பஞ்ச் 13ஆம் தேதி வருகையாகிவிட்டது. 12ஆம் தேதி ஒற்றைப் பஞ்சோடு நின்று, மாத முடிவில் ஆப்சென்ட் ஆகி, எல்.ஓ.பி. ஆகிவிட்டது.

இதைச் சரிபார்க்க 9ஆம் தேதிப் பதிவு உதவும். அதுவும் இரண்டாம் ஷிஃப்ட்தான், அன்றும் 3 மணி நேரம் ஓ.டி. உண்டு. ஆனால் ஷிஃப்ட்டுக்கு முன்பாக, காலை 11 மணிக்கே வந்து செய்தது. பஞ்ச் நள்ளிரவைத் தாண்டாததால் அந்த 3 மணி நேரமும் சரியாக ஏறியிருக்கிறது. ஆக, ஸ்லிப் வந்து சேர்ந்ததிலோ ஒப்புதலிலோ பிரச்சினை இல்லை. நாள் பிரியும் நேரத்தில்தான் பிரச்சினை.

மாதம் முழுவதும் செய்த ஓ.டி.: 3ஆம் தேதி 3 மணி, 5ஆம் தேதி 2, 9ஆம் தேதி 3, 12ஆம் தேதி 3, 17ஆம் தேதி 2, 20ஆம் தேதி 4, 24ஆம் தேதி 2, 26ஆம் தேதி 2. மொத்தம் 21 மணி நேரம். 12ஆம் தேதியைக் கழித்தால் சீட்டில் உள்ள 18. மற்ற ஏழு நாள்களின் மணிக்கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொகையாகப் பார்த்தால்: ஏற்றுக்கொண்ட 18 மணிக்கு விகித வித்தியாசம் 18 × 150 = 2,700. விடுபட்ட 3 மணி 3 × 300 = 900. ஒரு நாள் சம்பளம் 31,200 ÷ 30 = 1,040. ஊக்கத்தொகை 500. கூட்டினால் 5,140, அதில் பி.எஃப். 96 போக 5,044.

கேட்டுக்கொள்வது

திருத்தம் எந்த வரிசையில் நடக்கிறது என்பது இங்கே முக்கியம். முதலில் டைம் ஆபீஸ் 01:04 பஞ்சை 12ஆம் தேதியின் வெளி நேரமாக மாற்றி, 13ஆம் தேதி உள் நேரத்தை 13:52 ஆக்க வேண்டும். வருகை திருந்தாமல் எல்.ஓ.பி.யை உங்கள் பக்கம் மட்டும் கையால் நீக்கினால், அடுத்த முறை வருகையை இழுக்கும்போது அது திரும்ப வந்துவிடும். பிறகு விடுபட்ட 3 மணி ஏற வேண்டும். அடுத்து மாஸ்டரில் ஓ.டி. விகிதம். இவை மூன்றும் முடிந்த பிறகே சம்பளத்தை மறுபடி ஓட்டுங்கள். விகிதம் திருந்தும் முன்பு ஓட்டினால் அந்த 3 மணிக்கும் 150தான் விழும், இன்னொரு கடிதம் எழுத வேண்டி வரும்.

வித்தியாசத் தொகையை 14 அக்டோபருக்குள் தனியாக வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் பி.எஃப். ரிட்டர்ன் போகும் முன்பே திருத்திவிட்டால், அதில் ஊதியம் 23,200 என்பதற்குப் பதில் 24,000 என்றும், சம்பளமில்லா நாள் பூஜ்ஜியம் என்றும் நேராகவே போய்விடும். நிறுவனத்தின் பங்கும் அதற்கேற்பச் சேரும். ரிட்டர்ன் போன பிறகு என்றால் திருத்த ரிட்டர்ன் வேலை உங்களுக்குத்தான் கூடும்.

மாத நடுவில் தனி வரவு வழக்கமில்லை என்றால் அக்டோபர் சம்பளத்தோடு கொடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் "செப்டம்பர் 2025 அரியர்" என்று தனி வரியில் காட்டுங்கள்: ஓ.டி. அரியர் 3,600, சம்பள அரியர் 1,040, ஊக்கத்தொகை அரியர் 500. அக்டோபர் ஓ.டி. மணியோடு 3 மணியைச் சேர்த்துவிட வேண்டாம். சேர்த்தால் அக்டோபரின் மணிக்கணக்கு ஸ்லிப்புகளோடு ஒத்துப்போகாது, செப்டம்பர் குறைவும் காகிதத்தில் அப்படியே நிற்கும். விகிதத் திருத்தம் மட்டும் அக்டோபர் பட்டியல் மூடும் முன்பு கண்டிப்பாக நடக்க வேண்டும். இந்த மாதமும் எனக்கு ஏற்கெனவே 5 மணி ஓ.டி. ஏறியிருக்கிறது.

எந்த வழியில் கொடுத்தாலும் திருத்திய செப்டம்பர் சம்பளச் சீட்டு ஒன்று வேண்டும். பழைய சீட்டில் பேனாவால் திருத்திக் கையெழுத்திட்டால் வங்கியில் ஏற்க மாட்டார்கள். எல்.ஓ.பி. நாள் விடுப்புக் கணக்கையும் தொடும் என்பதால், அங்கேயும் அது நீங்கியதா என்று டைம் ஆபீஸ் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இணைப்புகள்

1. செப்டம்பர் 2025 சம்பளச் சீட்டு
2. ஆகஸ்ட் 2025 சம்பளச் சீட்டு (ஓ.டி. விகிதம் ஒப்பிட)
3. செப்டம்பர் வருகைப் பதிவு. 9, 12, 13 தேதிகள் குறியிடப்பட்டவை
4. 12 செப்டம்பர் ஓ.டி. ஸ்லிப், கையெழுத்துடன்
5. நியமன ஆணையில் ஓ.டி. விகிதம் உள்ள பக்கம்

ஓ.டி. ஸ்லிப்பின் மூலப் பிரதி மெயின்டனன்ஸ் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பஞ்ச் நேரத்தில் சந்தேகம் வந்தால் கேட் பதிவேட்டில் 13ஆம் தேதி அதிகாலை 1:10க்கு நான் வெளியேறிய பதிவையும் பார்க்கலாம். அதை நகலெடுக்க எனக்கு அனுமதி இல்லை, டைம் ஆபீஸ் கேட்டால் காட்டுவார்கள். நகலில் உள்ளவர்களுக்கு வருகைப் பதிவையும் ஓ.டி. ஸ்லிப்பையும் மட்டுமே அனுப்பியிருக்கிறேன். சம்பளச் சீட்டுகளும் நியமன ஆணையும் உங்களுக்கு மட்டும் தனி மடலில் வருகின்றன. மேலே உள்ள அட்டவணையையும் அவர்களுக்குப் போன பிரதியில் எடுத்துவிட்டேன்.

14ஆம் தேதிக்குள் தருவதா, அக்டோபரோடு தருவதா என்பதை 10 அக்டோபர் வெள்ளிக்கிழமைக்குள் இந்த மடலிலேயே பதிலாகத் தெரிவியுங்கள். என் கணக்கில் ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் எந்த வரி என்று குறிப்பிட்டால் போதும். இந்த வாரம் முதல் ஷிஃப்ட்டில் இருக்கிறேன். மதியம் 2 மணிக்குப் பிறகு எந்த நாளும் மூலக் காகிதங்களோடு நேரில் வர முடியும். உள் இணைப்பு எண் 214.

நன்றி.

மு. கதிரவன்
டெக்னீஷியன், மெயின்டனன்ஸ்
பணியாளர் எண் 4172
சம்பளக் கணக்கின் கடைசி நான்கு எண்கள்: 6038