பொருள்: பிஐஎஸ் பதிவு பெற்ற 500 சார்ஜர்கள் – சோதனை அறிக்கைகளுடன் விலைப்புள்ளி கோருதல்

மதிப்பிற்குரிய விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சிராப்பள்ளி தில்லை நகரில் கைபேசிப் பழுதுபார்ப்புடன் உதிரிப்பொருள் விற்பனையும் செய்து வருகிறேன். சென்னை ரிச்சி தெருவிலுள்ள தங்கள் கடையிலிருந்து இதுவரை கேபிள்களும் இயர்போன்களும் மட்டுமே வாங்கியிருக்கிறேன். கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாத விற்பனைக்காகச் சார்ஜர்களையும் இம்முறை தங்களிடமே மொத்தமாக வாங்க விரும்புகிறேன்.

எனக்குத் தேவைப்படுபவை, 5 வோல்ட் 3 ஆம்பியரும் 9 வோல்ட் 2.22 ஆம்பியரும் தரக்கூடிய 20 வாட் டைப்-சி பிடி சார்ஜர்கள் 300, பழைய கைபேசிகளுக்கான 5 வோல்ட் 2 ஆம்பியர் யுஎஸ்பி சார்ஜர்கள் 200. இவற்றில் 100 சார்ஜர்கள் அருகிலுள்ள மகளிர் விடுதி ஒன்றுக்குப் போக இருக்கின்றன. இரவு முழுவதும் கட்டிலருகே செருகி வைக்கப்படும் பொருள் என்பதால், பில்லுடன் பாதுகாப்புச் சான்றின் நகலும் வேண்டும் என்று விடுதிக் காப்பாளர் கேட்டிருக்கிறார். அவர் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன்.

கைபேசி சார்ஜர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வருபவை என்பது தாங்கள் அறிந்ததே. ஒவ்வொரு சார்ஜரின் உடலிலும் பிஐஎஸ் குறியும், ஐ.எஸ். 13252 (பகுதி 1) அல்லது ஐ.எஸ்./ஐ.இ.சி. 62368-1 என்ற தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் அழியாதபடி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வேறொரு விற்பனையாளரிடமிருந்து முன்பு வந்த சரக்கில் இவை எல்லாமே இருந்தன. ஆனால் அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தபோது அது முற்றிலும் வேறொரு பிராண்டுக்கு உரியதாக இருந்தது. பதிவு, குறிப்பிட்ட தொழிற்சாலைக்கும் பிராண்டுக்கும் மாடலுக்கும் வழங்கப்படுவதால், இம்மூன்றும் நான் வாங்கும் சார்ஜரோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க, நடப்பிலுள்ள பதிவுச் சான்றிதழின் முழு நகலை, மாடல் பட்டியலுடன் சேர்த்து அனுப்பக் கோருகிறேன்.

சோதனை அறிக்கையைப் பொறுத்தவரை, முதல் பக்கத்தை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிஐஎஸ் அங்கீகரித்த ஆய்வகம் வழங்கிய அறிக்கை எல்லாப் பக்கங்களோடும் தேவை. மின்சாரம் நுழையும் பகுதிக்கும் கைபேசியை இணைக்கும் வெளியீட்டுக்கும் இடையேயுள்ள மின்காப்பு உயர் மின்னழுத்தத்தைத் தாங்கியதா, வெளியீட்டைத் தொடுபவரின் உடலில் பாயக்கூடிய மின்னோட்டம் எவ்வளவு, முழுச் சுமையில் உறையும் டிரான்ஸ்ஃபார்மரும் எவ்வளவு சூடாகின்றன, வெளியீடு ஷார்ட் ஆனால் என்ன நிகழ்கிறது என்பவற்றின் அளவீடுகளையே நான் முதலில் பார்ப்பேன். ஐ.எஸ். 13252-இன்படி சோதித்திருந்தால், முதல் சோதனை 3,000 வோல்ட்டிலும், தொடு மின்னோட்டம் 0.25 மில்லி ஆம்பியருக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

அறிக்கை என்பது ஆய்வகத்துக்குச் சென்ற மாதிரிக்கு மட்டுமே உரியது. பெட்டியில் வரும் சரக்கும் அதுவேதான் என்பதற்கு அது உறுதி ஆகாது. ஆகவே ஃபியூஸ், ஒய் கெப்பாசிட்டர், ஆப்டோகப்ளர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் தயாரிப்பாளரும் மாடலும் குறிக்கப்பட்ட உதிரிபாகப் பட்டியலையும், சார்ஜரின் உட்புறப் படங்களையும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று மாதிரிகளை விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆர்டரை உறுதி செய்வேன். பிளக்கின் பின்கள் சாக்கெட்டில் தளர்வாக இருந்தாலே தீப்பொறி வரும் என்பதால், அதையும் இங்குள்ள சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிப் பார்க்க இருக்கிறேன். மலிவான விலைக்காக உள்ளே ஒரு பாகத்தைக் குறைத்த சார்ஜரை எந்தத் தள்ளுபடியிலும் வாங்க நான் தயாராக இல்லை.

ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்ட விலைப்புள்ளி, உத்தரவாதக் காலம், திருச்சி வரையிலான பார்சல் கட்டணம் ஆகியவற்றை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஆர்டரை உறுதி செய்யும்போது 30 சதவீதத்தை முன்பணமாக அனுப்புகிறேன். சரக்கு வந்ததும் பதிவு எண்ணையும் தொகுதி எண்ணையும் சரிபார்த்து, ஏழு நாட்களுக்குள் மீதித் தொகையைச் செலுத்திவிடுகிறேன். ஒப்புக்கொண்ட மாதிரியிலிருந்து சரக்கு மாறுபட்டால் முழுவதையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொள்வதாக விலைப்புள்ளியிலேயே ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆவணங்கள் தங்களிடம் இல்லாமல் தயாரிப்பாளரிடம் இருந்தால், எத்தனை நாளில் பெற்றுத் தர இயலும் என்பதை மட்டுமாவது முதலில் தெரிவியுங்கள். அதற்கேற்ப விடுதிக்கு நான் நாள் சொல்லிக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செந்தில்குமார்
உரிமையாளர், கைபேசி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிலையம்
தில்லை நகர், திருச்சிராப்பள்ளி