பழனி பாதயாத்திரை பக்தர்களுக்கு வெயில் எச்சரிக்கை

பங்குனி உத்திரத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாக நடந்து வரும் பக்தர்கள் கவனிக்கவும். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம். பந்தலிலோ புளியமர நிழலிலோ படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். இருட்டில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கவும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்ற கணக்கு வேண்டாம்.

மதியத் தார் சாலை தோலைப் பொசுக்கிவிடும். செருப்பில்லாமல் வருவதாக வேண்டுதல் என்றால் மண் ஓரமாக நடங்கள், கெட்டியான பருத்திக் காலுறை போடுங்கள். கொதிக்கும் இடத்தில் மட்டுமாவது துணிச் செருப்பு போட்டால் முருகன் கோபிக்க மாட்டார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் சுடுவதே தெரியாமல் போகலாம். அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

பெரியவர்களைத் தனியே பின்தங்க விடாதீர்கள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வார்கள், நம்பாதீர்கள். பேச்சு குழறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

— தண்ணீர்ப் பந்தல் தொண்டர்கள்