பொருள்: வைஃபை, லாண்டரி ஆப் வழிமுறைகள் ஆங்கிலத்திலும் வேண்டி – அறை 214

விடுதி அலுவலகத்துக்கு,

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன், இரண்டாம் தளம், அறை 214. படிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் வைஃபை வழிமுறைத் தாளும், துணி துவைக்கும் அறையில் இருக்கும் லாண்டரி ஆப் வழிமுறைத் தாளும் தமிழில் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டும். 18ஆம் தேதி முதலாமாண்டு மாணவர்கள் வந்து சேர்வதற்குள் கிடைத்தால் மிகவும் நல்லது.

கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன், அந்தத் தாளில் எதெல்லாம் இருந்தால் உதவும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

எங்கள் அறையில் நாலு பேர். நான் காவேரிப்பட்டணம். ஒருவன் குப்பம், இன்னொருவன் மாலூர். நாலாவது ஆள் தேன்கனிக்கோட்டை; வீட்டிலும் தெலுங்கு, படித்ததும் தெலுங்கு வழிப் பள்ளி. தமிழில் என்னைவிட வேகமாகச் சண்டை போடுவான். படிக்கச் சொன்னால் மட்டும் பஸ் போர்டைப் பார்ப்பதுபோல எழுத்தெழுத்தாகக் கூட்டுவான். கிருஷ்ணகிரியில் இது புதிதில்லை. ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் கர்நாடகா; மாங்காய் மண்டியில் விலை பேசுகிறவரே மூன்று மொழியில் பேசுவார். பேச்சில் யாருக்கும் சிரமம் இல்லை. சுவரில் ஒட்டிய தாள் என்று வரும்போதுதான் சிக்கல்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டை நண்பன் வாளியோடு கீழே போனான். தாளில் நாலாவது வரி, "இயந்திரத்தின் மீதுள்ள விரைவுக் குறியீட்டை வருடவும்". அவன் கூட்டிக் கூட்டிப் படித்து, மெஷின் மேல் ஒட்டியிருந்த கியூஆர் ஸ்டிக்கரை விரலால் இரண்டு தடவை தடவிவிட்டு, மெஷின் ஓடும் என்று நின்றுகொண்டிருக்கிறான். நான் போனபோது மூன்றாவது தடவை தடவிக்கொண்டிருந்தான். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் அவன் செய்ததில் என்ன தப்பு? தாளில் இருந்ததைத்தான் செய்தான். ஸ்கேன் என்று போட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும், எங்கள் பாட்டிக்கும் தெரிந்திருக்கும்.

தமிழ் படிக்கத் தெரிந்த எனக்கும் அந்தத் தாள் முழுதாக உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. தமிழில் எழுதியது குறை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் எல்லோர் போனிலும் செட்டிங்ஸ் ஆங்கிலத்தில் இருக்கிறது. தாளில் "சீரற்ற ஊடக அணுகல் முகவரியை முடக்கவும்" என்று இருக்கிறது. போனில் அப்படி எந்த வரியும் இல்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் அது Privacy என்ற இடத்துக்குள் இருக்கும் Use randomized MAC என்பதும், அதை Use device MAC என்று மாற்றச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்தது. ஆங்கிலத் தாளில் வேறு எந்த விளக்கமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரையில் தெரிகிற சொல் அப்படியே இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வைஃபையில் போனை அடையாளம் காட்டும் இந்த மேக் முகவரி விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சேரும்போது கொடுத்த படிவத்தில் போனுடைய முகவரியை எழுதச் சொன்னீர்கள். எல்லோரும் About phone பக்கத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தோம். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த போன்கள் பெரும்பாலும் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரியைக் காட்டுகின்றன. ஐபோனிலும் அப்படித்தான், அதில் பெயர் Private Wi-Fi Address. படிவத்தில் இருப்பது ஒன்று, போன் காட்டுவது ஒன்று. சர்வர் கதவைத் திறக்காது. மாணவன் பாஸ்வேர்டுதான் தப்பு என்று நினைத்து அலுவலகத்து ஜன்னலில் வந்து நிற்கிறான். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கிறீர்கள். அவன் மேலே போய் அதையும் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். மாலூர் நண்பன் இப்படி மூன்று முறை வந்துவிட்டான். மேடம் அவனை முகம் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் தளத்தில் சரிசெய்தவர்களுக்கும் கீழே படிப்பறைக்குப் போனால் மறுபடி இணைப்பு வராது. அங்கே நெட்வொர்க் பெயர் வேறு என்பதால் அதற்குத் தனியாக இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். இந்த ஒரு வரியைத் தாளில் பெரிய எழுத்தில் போட்டாலே ஜன்னலில் கூட்டம் குறையும்.

அடுத்தது, நெட்வொர்க்கைத் தொட்டதும் வருகிற அந்த நீளமான பெட்டி. EAP method என்பதில் PEAP, Phase 2 authentication என்பதில் MSCHAPV2 என்று சீனியர் அண்ணன்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம். Identity என்பதில் பதிவு எண். அதற்குக் கீழே Anonymous identity என்று ஒன்று வரும். தாளில் இரண்டுக்குமே "அடையாளம்" என்று இருப்பதால் பாதிப் பேர் இரண்டிலும் பதிவு எண்ணைப் போடுகிறார்கள், மீதிப் பேர் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் போடுகிறார்கள். எதில் போட வேண்டும், எதைக் காலியாக விட வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

CA certificate என்ற வரிக்குத் தாளில் பதிலே இல்லை. Do not validate என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். புதிய போன்கள் சிலவற்றில் அந்த வாய்ப்பே வருவதில்லை. Use system certificates என்று வருகிறது, கூடவே Domain கேட்கிறது. என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு கவலையும் உண்டு. சர்வர் உண்மையானதுதானா என்று சரிபார்க்காமல் இணைத்தால், அதே பெயரில் யாராவது ஒரு ஹாட்ஸ்பாட் போட்டு உட்கார்ந்தாலும் எங்கள் போன் அதை நம்பிப் பேச ஆரம்பித்துவிடும் என்று லேப் சார் ஒருமுறை சொன்னார். வைஃபைக்கும் கட்டணம் கட்டும் பக்கத்துக்கும் எங்களுக்கு ஒரே பாஸ்வேர்டு. ஆகவே சரியான டொமைன் பெயரை அலுவலகமே எழுதித் தந்தால்தான் நிம்மதி.

லாண்டரி ஆப் வைஃபை அளவுக்குச் சிக்கல் இல்லை. வரிசைதான் குழப்புகிறது. முதலில் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டுமா, பணம் ஏற்ற வேண்டுமா, கதவை மூடிவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டுமா, ஸ்கேன் செய்துவிட்டு மூட வேண்டுமா? கதவு சரியாக மூடாமல் ஸ்கேன் செய்தால் பணம் போய்விடுகிறது, மெஷின் ஓடுவதில்லை. எனக்கே 40 ரூபாய் அப்படிப் போனது. அப்போது யாரிடம் சொல்ல வேண்டும், எந்த ஸ்கிரீன்ஷாட் காட்ட வேண்டும் என்று தாளில் இல்லை. "தொகை திரும்பப் பெறுதல் விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. அந்த விதிமுறை என்ன என்று இரண்டு வரி வேண்டும். மெஷின் பாதியில் நின்று கதவு திறக்காமல் போனால் என்ன செய்வது என்பதும் வேண்டும். துணி உள்ளே, பையன் வெளியே, மணி எட்டே முக்கால், முதல் வகுப்பு ஒன்பதுக்கு என்ற நிலைமை ஏற்கெனவே வந்திருக்கிறது.

சோப்புத் தூள் எவ்வளவு போட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். போர்வெல் உப்புத் தண்ணீரில் கையால் துவைத்துப் பழகியவர்கள் நாங்கள். நுரை வராது என்று கைநிறைய அள்ளிப் போடுவோம். முன்பக்கக் கதவு மெஷினில் அப்படிப் போட்டதால்தான் சென்ற மாதம் தரையெல்லாம் நுரை. துடைத்த அக்கா எங்களைத் திட்டியது மூன்றாம் தளம் வரை கேட்டது. திட்டியதில் நியாயம் இருந்தது.

தமிழ்த் தாளை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அக்காவும் வாட்ச்மேன் தாத்தாவும் அதைப் பார்த்துத்தான் மெஷினை ஓட்டுகிறார்கள். பக்கத்தில் ஆங்கிலத் தாளையும் ஒட்டினால் போதும். இன்னொன்று, வைஃபை வழிமுறையை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ மட்டும் அனுப்பினால் வைஃபை இல்லாதவன் எப்படிப் பார்ப்பான்? லாண்டரி அறையில் மொபைல் சிக்னலும் கிடையாது. அதனால் அச்சிட்டு, கீழே ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் ஒன்று என்று ஒட்டினால் எல்லோருக்கும் உதவும்.

இதற்கு ஆள் வேண்டும் என்றால் நானும் குப்பம் நண்பனும் வருகிறோம். அவனுடைய ஆங்கிலம் நன்றாக இருக்கும். எங்கள் இரண்டு பேர் போனிலும் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்திருக்கிறோம், ஒன்று ஆண்ட்ராய்டு, ஒன்று ஐபோன். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம். நீங்கள் சரிபார்த்து, அந்த டொமைன் பெயரையும் பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும் நிரப்பினால் போதும்.

நன்றி.

இப்படிக்கு,
ச. கோகுல்
இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்
அறை 214, இரண்டாம் தளம்

பி.கு.: மேலே சொன்ன 40 ரூபாய்க்கான ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். சரியான ஸ்கிரீன்ஷாட்தானா என்று தெரியவில்லை. இல்லையென்றால் எது வேண்டும் என்று சொல்லுங்கள், அதையே புதிய தாளிலும் போட்டுவிடலாம்.