பொருள்: ஆண்டுத் திட்டத்தில் 22 பயனர்களை நீக்கி, மீதித் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் (வாடிக்கையாளர் எண் 30418, விலைப்பட்டியல் எண் 25-26/0417)

திருப்பூர்
10 நவம்பர் 2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பின்னலாடை ஜாப் ஒர்க் நிறுவனத்துக்காக உங்கள் உற்பத்தி மற்றும் சம்பள மென்பொருளை 1 ஜூன் 2025 முதல் 31 மே 2026 வரை 30 பயனர்களுக்கு வாங்கியிருக்கிறோம். ஒரு பயனருக்கு மாதம் 400 ரூபாய் வீதம் 1,44,000 ரூபாய், ஜிஎஸ்டி 25,920 ரூபாய், ஆக மொத்தம் 1,69,920 ரூபாயை மே மாதக் கடைசியிலேயே என்இஎஃப்டி மூலம் முழுமையாகக் கட்டிவிட்டோம். இந்த 30 பயனர்களில் 22 பேரை வரும் டிசம்பர் 1 முதல் நீக்கிவிட்டு, அவர்களுக்கான மீதித் தொகையைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த எங்கள் இரண்டாவது யூனிட் அக்டோபர் 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அங்கே ஓடியது முழுக்க ஒரே ஏற்றுமதியாளரின் வேலை. சரக்கு அத்தனையும் அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-இல் 50 சதவீதம் என்று அங்கே இந்தியச் சரக்குக்கு வரி ஏறியதும், கையில் இருந்த ஆர்டரை முடித்துக் கொடுத்ததோடு சரி, புது ஆர்டர் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன வெளிமாநிலத் தொழிலாளர்கள் பலரைத் திரும்பி வரச் சொல்ல எங்களிடம் வேலை இல்லை. உள்ளூர் ஆட்களில் முடிந்தவரை அனுப்பர்பாளையம் யூனிட்டுக்கு மாற்றினோம். வாடகைக் கட்டடத்தையும் காலி செய்துவிட்டோம்.

அந்த 22 பயனர்களும் இரண்டாவது யூனிட்டின் லைன் சூப்பர்வைசர்கள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பொறுப்பாளர்கள். உங்கள் அட்மின் திரையில் பயனர் பட்டியலைத் திறந்து பார்த்தால், அவர்கள் ஒருவர்கூட அக்டோபர் 31-க்குப் பிறகு உள்ளே வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மென்பொருளில் குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கட்டிங்கில் கட்டும் ஒவ்வொரு பண்டிலுக்கும் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, பவர் டேபிளில் தைத்து முடிந்ததும் சூப்பர்வைசர் செல்போனில் ஸ்கேன் செய்துவிடுவார். யார் எத்தனை பீஸ் என்பது அங்கேயே பதிவாகிவிடும். சனிக்கிழமை சம்பள நேரத்தில் "என் கணக்கில் நூறு பீஸ் குறையுதே" என்று வருகிறவர்களுக்குத் திரையைக் காட்டினால் போதும். அந்த நிம்மதிக்காகத்தான் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினோம். இப்போது அனுப்பர்பாளையத்தில் ஓடுவது உள்நாட்டு உள்ளாடை வேலை. ஒரே ஸ்டைல், ஒரே ரேட், லைனும் ஒன்றுதான். அதற்கு 8 பயனர் தாராளமாகப் போதும்.

உங்கள் விதிமுறையின் 7-ஆம் பிரிவில், ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்று இருப்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதே பிரிவில், வாடிக்கையாளரின் தொழில் நிலையைப் பொறுத்து நிறுவனம் விலக்கு அளிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்த விலக்கைத்தான் கேட்கிறேன்.

ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியதால்தான் 480 ரூபாய் மாத விலை எங்களுக்கு 400 ஆனது. பாதியில் விலகிக்கொண்டு அந்தச் சலுகையையும் கையில் வைத்துக்கொள்வது முறையல்ல. அதனால் ஜூன் முதல் நவம்பர் வரையான 6 மாதங்களுக்கு, இந்த 22 பேருக்கும் மாத விலையிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்காக நாங்கள் கட்டியது 1,05,600 ரூபாய். 6 மாதத்துக்கு 480 வீதம் கழிக்க வேண்டியது 63,360 ரூபாய். மீதி 42,240 ரூபாய், அதற்கான ஜிஎஸ்டி 7,603.20 ரூபாய், ஆக 49,843.20 ரூபாய். மற்ற 8 பயனர்கள் மே 31 வரை அப்படியே தொடர்வார்கள்.

ஜிஎஸ்டியைப் பற்றி உங்கள் கணக்குப் பிரிவு யோசிக்கலாம். எங்கள் ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். விலைப்பட்டியல் இந்த நிதியாண்டைச் சேர்ந்தது என்பதால், சிஜிஎஸ்டி சட்டம் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் கிரெடிட் நோட் போட இன்னும் போதிய அவகாசம் இருக்கிறது. நீங்கள் போட்ட மாதத்திலேயே எங்கள் பக்கம் ஐடிசியை ரிவர்ஸ் செய்துவிடுவோம். வரியைத் தொடுவது சிரமம் என்றால், வரி இல்லாத கிரெடிட் நோட் போட்டு 42,240 ரூபாயை மட்டும் திருப்பினாலும் எங்களுக்குச் சம்மதம். முழு வரிக்கும் ஏற்கெனவே ஐடிசி எடுத்துவிட்டதால் அதில் எங்களுக்கு நட்டம் ஏதும் வராது.

பணமாகத் தர வழியே இல்லை என்றால், அதே 42,240 ரூபாயை எங்கள் கணக்கில் வரவு வைத்து, அடுத்த ஜூன் புதுப்பிப்பில் கழித்துக்கொள்ளலாம். 8 பயனருக்கு ஆண்டுக் கட்டணம் 38,400 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் அடுத்த வருடமும் நாங்கள் உங்கள் வாடிக்கையாளர்தான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், இந்த மாதங்களில் எங்களுக்குப் பணமாகக் கிடைப்பதே பெரிய உதவி. இரண்டாவது யூனிட்டில் நின்றுபோன ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வருகிற பணம் முதலில் அதற்குத்தான் போகும்.

பயனர் எண்ணிக்கையை ஆண்டின் நடுவில் குறைக்கவே முடியாது என்பது உங்கள் முடிவானால், முழுத் திட்டத்தையும் நவம்பர் 30-உடன் ரத்து செய்துவிடும்படி கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அப்போது 30 பேருக்கும் இதே முறையில் 86,400 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி 57,600 ரூபாயையும் அதற்கான ஜிஎஸ்டி 10,368 ரூபாயையும் தர வேண்டியிருக்கும். அதை நான் விரும்பவில்லை. 8 பேரோடு தொடர்வதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

எந்த முடிவாக இருந்தாலும் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது யூனிட்டின் பயனர்களை நீக்கும்போது அதன் பழைய பதிவுகள் அழிந்துவிடக் கூடாது. ஜாப் ஒர்க் டெலிவரி சலான்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் நாங்கள் வைத்திருக்க வேண்டும். பீஸ் ரேட் சம்பளப் பதிவேட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஒரு தொழிலாளி தன் பிஎஃப் கணக்குக்காக வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது என் கடமை. நீக்குவதற்கு முன்பு சலான், சம்பளம், பண்டில் பதிவு மூன்றையும் எக்செல் கோப்பாக இறக்கித் தாருங்கள். நான் திறந்து பார்த்துச் சரி என்று பதில் அனுப்பிய பிறகு பயனர்களை நீக்கினால் போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

நவம்பர் 24-க்குள் எழுத்தில் பதில் கிடைத்தால், டிசம்பர் மாதத்துக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்வேன். பணம் நாங்கள் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஏதாவது கேட்க வேண்டும் என்றால், பதிவு செய்த செல்போன் எண்ணில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், நானே எடுப்பேன்.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், என்இஎஃப்டி ரசீது, பயனர் பட்டியல், கட்டடம் காலி செய்ததற்கான உரிமையாளர் கடிதம்.

நன்றி.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்
அனுப்பர்பாளையம், திருப்பூர்